மூன்று லட்சத்து அறுபதாயிரமும் கைக்கு வரும் சம்பளமும்

எங்கள் கல்லூரி திருநெல்வேலி – தென்காசி சாலையில் இருக்கிறது. இறுதியாண்டில் எங்களை எடுக்க வந்த ஐ.டி. கம்பெனியின் எச்.ஆர். மேடம், தேர்வுக்கு முன்னால் பேசிய பேச்சைப் பகிரத்தான் இதை எழுதுகிறேன். வழக்கமாக அந்த நேரத்தில் கம்பெனிப் பெருமைதான் ஓடும். இவர் நேராகக் கரும்பலகைக்குப் போய், வருஷச் சம்பளம் 3,60,000 என்று எழுதினார்.

"வீட்டுல மாசம் முப்பதாயிரம்னு சொல்லியிருப்பீங்க. அது கைக்கு வராது" என்று சொல்லிவிட்டுக் கழிக்க ஆரம்பித்தார். அதில் 36,000 வேரியபிள் பே. வருஷக் கடைசியில், மதிப்பீட்டைப் பொறுத்து வரும், குறையவும் செய்யும். மிச்சம் மாதம் 27,000. அடிப்படைச் சம்பளம் 15,000 என்பதால் பி.எஃப்.புக்குக் கம்பெனி போடும் 12 சதவீதம், அதாவது 1,800, இதற்குள்ளேயே அடக்கம். கிராஜுவிட்டிக்கு 720, காப்பீட்டுக்கு 480 போனால் 24,000. நம் பங்கு பி.எஃப். 1,800 பிடித்தால் கையில் 22,200. தொழில் வரி தனி. பி.எஃப். நம் பணம்தான், பின்னால் கிடைக்கும், ஆனால் சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் விடுதி வாடகைக்கு அது உதவாது.

அடுத்து தேர்வுமுறை. ஆங்கிலம், கணக்கு, லாஜிக் மூன்றுக்கும் தனித்தனி கட் ஆஃப் உண்டு, மொத்த மார்க் காப்பாற்றாது என்றார். அப்படியே நடந்தது. கணக்கில் புலியான என் நண்பன் ஆங்கிலப் பகுதியில் நின்றுவிட்டான். நான் கணக்கில் தெரிந்ததை மட்டும் போட்டுவிட்டு, ஆங்கிலத்துக்கு நிதானமாக நேரம் கொடுத்தேன். அப்புறம் கோடிங், அதைத் தாண்டி டெக்னிக்கல் இன்டர்வியூ.

அங்கே என் புராஜெக்ட்டைத்தான் குடைந்தார்கள். பஸ் பாஸ் பதிவு செய்யும் ஒரு சின்ன இணையதளம். "ஒரே மாணவர் ரெண்டு தடவை பதிவு பண்ணினா என்ன ஆகும்?" என்று கேட்டார்கள். பதிவெண்ணை யுனிக் ஆக வைத்திருப்பதால் டேட்டாபேஸே மறுத்துவிடும் என்று சொல்லி, டேபிளைத் தாளில் வரைந்து காட்டினேன். நானே செய்த வேலை என்பதால் தடுமாற்றம் இல்லை.

தேர்வான அன்று வந்தது, வேலை தர உத்தேசம் என்று மட்டும் சொல்லும் எல்.ஓ.ஐ. கடிதம்தான். "இதை நம்பிக் கடன் வாங்காதீங்க. அரியர் இல்லாம முடிக்கணும். சேரும் தேதி டிரெய்னிங் பேட்ச்சைப் பொறுத்தது, மாசக்கணக்குல தள்ளிப்போகலாம்" என்று மேடம் முன்பே சொல்லியிருந்தார். பாண்ட் உண்டா, எத்தனை வருஷம், நடுவில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் கையெழுத்துக்கு முன்னால் கேட்கச் சொன்னார். நான் கேட்டேன், பதிலை மெயிலிலும் வாங்கிக்கொண்டேன்.

அன்று ராத்திரி அம்பாசமுத்திரத்தில் அப்பாவிடம் அந்தக் கணக்கை அப்படியே போட்டுக் காட்டினேன். "அப்ப, முதல் ஆறு மாசம் நீ வீட்டுக்கு ஒண்ணும் அனுப்ப வேண்டாம்யா" என்றார். தங்கை கல்லூரிக் கட்டணத்துக்கு என் சம்பளத்தை நம்பியிருந்தோம். அதை மாற்றி, மறுநாளே அவளுக்குக் கல்விக்கடன் விசாரிக்க வங்கிக்குப் போனோம்.