முதல் வாரத்து எக்கோவை வைத்து டிஃபிப்ரிலேட்டர் முடிவு எடுக்கலாமா? அப்பாவுக்காக அலைந்த அனுபவம்

அப்பாவுக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த அதே வாரத்தில், எக்கோவில் இ.எஃப்., அதாவது இடது கீழறையில் நிறையும் ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் பங்கு, 28 சதவீதம் என்று வந்ததைக் காட்டி, அபாயகரமான துடிப்பை மின்னதிர்வால் சரிசெய்யும் டிஃபிப்ரிலேட்டர் கருவியை உடனே உடலில் பொருத்திவிடலாம் என ஒப்புதல் படிவத்தை நீட்டினார்கள். அவருக்கு மயக்கமோ அபாயகரமான துடிப்புக் கோளாறோ வந்திருக்கவில்லை. முன்கூட்டிய பாதுகாப்பாகத்தான் கருவி பேசப்பட்டது. பொறுத்துப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "இடையில் ஏதாவது ஆனால் நாங்கள் பொறுப்பில்லை" என்றார்கள். அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது.

வேறொரு இதய மருத்துவர்தான் விளக்கினார். அடைப்பு நீங்கிய பிறகும் தசையின் ஒரு பகுதி உயிரோடிருந்தும் சில வாரங்கள் இயங்காமல் இருக்கும் என்பதால், முதல் வாரத்து எண்ணை நிரந்தரமானதாகக் கொள்ள முடியாது. திடீர் மரண அபாயம் முதல் மாதத்தில்தான் அதிகம் என்பது உண்மை. ஆயினும் 2004இல் வெளியான டினமிட் ஆய்வில், மாரடைப்புக்குப் பின் 6 முதல் 40 நாள்களுக்குள் கருவி பொருத்தியவர்களிடம் துடிப்புக் கோளாறால் வரும் மரணம் குறைந்தும் மொத்த இறப்பு குறையவில்லை. பிற காரணங்களால் இறந்தவர்கள் அதை ஈடுசெய்துவிட்டார்கள். எனவே மாரடைப்புக்குப் பின் குறைந்தது 40 நாள், ஸ்டென்ட் வைத்திருந்தால் 90 நாள், அதுவும் மருந்துகளை முழு அளவுக்கு உயர்த்திய பிறகே மறு எக்கோ. அப்போதும் இ.எஃப். 35 அல்லது அதற்குக் கீழே இருந்து, நடமாட்டத்தில் மூச்சிரைப்பும் இருந்தால் கருவி பயன் தரும். அறிகுறியே இல்லாதவருக்கு வரம்பு 30. ஓராண்டுக்கு மேல் நல்ல நிலையில் வாழும் வாய்ப்பும் இருக்க வேண்டும். ரத்தக்குழாய் அடைப்பில்லாமலே இதயத் தசை பலவீனமாகும் கார்டியோமயோபதிக்கும் முதலில் மூன்று மாத மருந்துதான். அங்கே, குறிப்பாக முதியவர்களுக்கு, பயன் அவ்வளவு உறுதியானதன்று.

காத்திருக்கும் காலத்தில் மயக்கமோ நிற்காத படபடப்போ வந்தால் நாள் கணக்குப் பார்க்காமல் அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும் என்று எச்சரித்திருந்தார். மருந்து உயர்த்தும் கட்டம் சிரமமின்றிக் கழிந்தது.

மறு எக்கோவில்தான் வீண் அலைச்சல். அறிக்கையில் "இயக்கம் மிதமாகக் குறைந்துள்ளது, இ.எஃப். 30 – 35" என்று கண்மதிப்பாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வரம்பு இருப்பதே அந்த இடைவெளியில் என்னும்போது அதை வைத்து எதை முடிவு செய்வது? அளந்து தரக் கேட்டதற்கு, அறிக்கை முடிந்துவிட்டது என்று கவுன்ட்டரில் மறுத்தார்கள். மருத்துவர், இரண்டு கோணங்களில் இடது கீழறையின் உள்விளிம்பை வரைந்து கணக்கிடும் சிம்ப்சன் முறையைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்த பிறகே மீண்டும் எடுத்தார்கள். 39 சதவீதம்! கருவி வேண்டாம் என்று மருத்துவர் சொன்னபோது அம்மா அழுதுவிட்டார்.

இந்த நிலையில் இருப்பவர்கள் டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் மாரடைப்புத் தேதியும் ஸ்டென்ட் தேதியும் தனித்தனியே இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுடையதில் பின்னது விடுபட்டு, திருத்தி வாங்கவே ஒரு நாள் போனது. எக்கோவுக்கு எழுதும்போதே அளவிடும் முறையையும் குறிப்பிடச் சொல்லுங்கள். எண் உயர்ந்துவிட்டது என்று மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அப்பாவுக்கு அதே மாத்திரைகள் தொடர்கின்றன, அடுத்த எக்கோவுக்கும் தேதி குறித்திருக்கிறார்கள்.