கதவில் அப்பாவின் பெயர்

“என் அப்பா பெயரைச் சின்னதாகப் போடாதீர்கள், தம்பி” என்று அந்த அம்மையார் தொலைபேசியில் சொன்னபோது, அதை எழுத்தளவு பற்றிய சாதாரணக் கோரிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். எழுத்தளவு எனக்குத் தெரிந்த விஷயம் என்பதால் பதிலும் உடனே வந்துவிட்டது. நான் சொன்ன காரணங்களில் ஒன்றும் தவறில்லை என்று இன்றும் எண்ணுகிறேன். ஆனாலும் அந்த உரையாடலை மனத்துக்குள் திரும்ப ஓட்டிப் பார்க்கும்போது, அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லையோ என்ற ஐயம் எழுகிறது.

குன்னூரில் சிறு தேயிலை விவசாயிகளும் தொழிற்சாலைப் பணியாளர்களும் கூடிய நிகழ்ச்சிக்கு அடையாள அட்டைகளும், ஆலோசனை அறைகளுக்குக் கதவுப் பலகைகளும் செய்துகொடுக்கும் வேலை என்னுடையது. பதிவுப் படிவம் வெளியூரில் தயாரானது. அதில் ‘ஃபர்ஸ்ட் நேம்’, ‘லாஸ்ட் நேம்’ என்று இரண்டு கட்டங்கள். நம் ஊர்க்காரர்கள் முதல் கட்டத்தில் தம் பெயரையும் இரண்டாவதில் தந்தை பெயரையும் நிரப்பியிருந்தார்கள். சிலர் பள்ளிச் சான்றிதழில் முதலெழுத்து முன்னால் வருவதை நினைத்து மாற்றி எழுதியிருந்தார்கள். திருமணமான பெண்களில் சிலர் கணவர் பெயரையும், வேறு சிலர் தந்தை பெயரையும், ஒருவர் இரண்டாவது கட்டத்தில் வெறும் புள்ளியையும் இட்டிருந்தார்கள். இரண்டாவது கட்டத்தைக் குடும்பப் பெயரென்று நம்பி, “திரு.” என்பதை அதன் முன் ஒட்டிப் பெரிதாக அச்சிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்தே போதும். அவருடைய பெயர் ஆனந்த். விஸ்வநாதன் அவருடைய தந்தை. மேலை நாட்டார் பலகாலம் அவரை ‘விஷி’ என்று தந்தையின் பெயரைச் சுருக்கித்தான் அழைத்தார்கள்.

அதனால் எனக்கென்று ஒரு விதியை வைத்திருக்கிறேன். கட்டம் எதுவாக இருந்தாலும், எதிரில் நிற்பவர் எந்தப் பெயரால் அழைக்க வேண்டுமோ அந்தப் பெயர்தான் அட்டையில் பெரிதாக இருக்க வேண்டும். முதலெழுத்தோ தந்தை பெயரோ அதற்கு மேலே, ஏறத்தாழப் பாதி அளவில் வரும். இதைப் படிவத்திலிருந்து ஊகிக்கக் கூடாது, கேட்டுத்தான் எழுத வேண்டும். அதற்காகத்தான் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்தேன்.

மேசையில் அட்டைகளை அடுக்குவதற்கும் இதே விதிதான் உதவுகிறது. பட்டியலை முதலெழுத்தோடு சேர்த்து அகர வரிசைப்படுத்தினால் எஸ்., எம்., என்., எல். என்று பாதிக் கூட்டம் எகரத்தின் கீழ் வந்து ஒரே மேசையில் நெருக்கியடிக்கும். அடுத்த மேசையில் இருப்பவர் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். முதலெழுத்தை நீக்கினாலும் கணினியை முழுவதும் நம்ப முடியாது. கணினி ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் தரும் குறியெண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருளில் புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் வருவதால், மெய்யை உயிர்மெய்க்கு முன்னால் வைக்கும் வரிசையில் முன்னால் நிற்க வேண்டிய சக்திவேல் சகுந்தலாவுக்குப் பின்னால் போய்விடுவார். ஒரு பெட்டிக்குள் ஐந்தாறு அட்டைகள் தள்ளி இருந்தாலே, தேடுகிறவர் “உங்கள் பெயர் இல்லையே” என்று சொல்லிவிடுகிறார். அந்த ஒரு சொல்லை வந்தவர் எளிதில் மறப்பதில்லை.

இத்தனையையும் அந்த அம்மையாரிடம் சுருக்கமாகச் சொன்னேன். அவர் மண் பரிசோதனை முடிவுகளை விளக்கும் ஆலோசகராக வருகிறவர். அவருடைய தந்தை இந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் நெடுங்காலம் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கராக இருந்து மறைந்தவர். “மேடம், வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரிதாக இருக்கும் பெயரால்தான் கூப்பிடுவார்கள். அப்பா பெயர் பெரிதாக இருந்தால் உங்களை அப்பா பெயரால் அழைத்துவிடுவார்கள்” என்றேன். சற்றுப் பேசாமல் இருந்துவிட்டு அவர் சொன்னார்: “அட்டையை நீங்கள் சொல்கிற மாதிரியே போடுங்கள். கதவு வேறு, தம்பி. கதவைப் பார்த்து வருகிறவர்கள் என்னைத் தேடி வரவில்லை. இன்னாருடைய மகள் எந்த அறையில் இருக்கிறாள் என்றுதான் தேடுவார்கள். என் பெயர் அவர்களுக்குத் தெரியவே தெரியாது.”

அட்டைக்கும் கதவுக்கும் உள்ள வேறுபாட்டை நான் அறியாதவன் அல்லன். அட்டை என்பது இருவர் முகத்துக்கு முகம் நின்ற பிறகு, ஓர் எட்டு தூரத்தில் வாசிக்கப்படுவது. மலையில் அதற்கும் இடைஞ்சல் உண்டு. நீண்ட நாடாவில் தொங்கும் அட்டை ஸ்வெட்டருக்கும் சால்வைக்கும் அடியில் போய்விடும். ஒற்றைக் கொக்கியில் தொங்கினால் பாதி நேரம் முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே நான் நாடாவைக் குட்டையாக்கி, இரண்டு பக்கமும் பெயரை அச்சிடுகிறேன். கதவுப் பலகை ஆள் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும்போது, தாழ்வாரத்தில் நடந்து வருகிறவர் மூன்று நான்கு மீட்டர் தொலைவிலிருந்து வாசிப்பது. அட்டை அழைப்பதற்கு, கதவு கண்டுபிடிப்பதற்கு என்று நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அப்படியானால் கண்டுபிடிக்க எந்தப் பெயர் உதவுமோ அந்தப் பெயர்தானே கதவில் பெரிதாக இருக்க வேண்டும்? அவர் என் விதியை என்னைவிட ஒழுங்காகப் பின்பற்றினார் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் அவர் தந்தையின் பெயரை மட்டும் போடச் சொல்லவில்லை. இரண்டு பெயரும் வேண்டும், தந்தையின் பெயர் சிறிதாக இருக்கக் கூடாது என்றார். இங்கேதான் பலகையின் அகலம் குறுக்கே வந்தது. பலகை 30 சென்டிமீட்டர். ஓரங்களை விட்டால் எழுத்துக்குக் கிடைப்பது 25. தந்தையின் பெயர் ஒன்பது எழுத்து, அவருடையது நான்கு எழுத்து. இரண்டையும் ஒரே வரியில் வைத்தால் பதின்மூன்று எழுத்துகளும் நடுவில் ஓர் இடைவெளியும் அந்த 25 சென்டிமீட்டரில் அடங்க வேண்டும். தமிழ் எழுத்து பொதுவாக உயரத்தைவிட அகலம் கூடியது. கொம்பும் காலும் சேர்ந்தால் இன்னும் விரியும். அந்தக் கணக்கில் எழுத்தின் உயரம் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் கீழே இறங்கியது. மூன்று மீட்டர் தொலைவில் தயங்காமல் வாசிக்க இரண்டரை சென்டிமீட்டர் வேண்டும் என்பது பலகை எழுதுகிறவர்கள் கைக்கணக்காக வைத்திருப்பது. மழைக்காலத்தில் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கும் பழைய கட்டடத்தின் தாழ்வாரம் அது. அங்கே ஒன்றரை சென்டிமீட்டர் எழுத்தை வாசிக்கக் கதவருகே போய் நிற்க வேண்டும்.

ஆகவே இரண்டு வரியாக்கினேன். மேலே தந்தை பெயர், கீழே அவர் பெயர், இரண்டும் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட ஒரே உயரத்தில். முதல் வரியை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்தால் ஒரே ஆளின் பெயர் என்பது பார்த்தவுடன் விளங்கும். ஆனால் அதுதான் அவர் வேண்டாம் என்று சொன்னது. வரிகளுக்கிடையே உள்ள வெளியைக் குறுக்கிப் பார்த்தேன். மேல் வரியின் உகரச் சுழியும் கீழ் வரியின் இகரக் கொக்கியும் மோதின. அதற்கு மேல் நெருக்க முடியவில்லை.

நிகழ்ச்சி நாளில் அந்தப் பலகை வேலை செய்தது என்றும் சொல்லலாம், செய்யவில்லை என்றும் சொல்லலாம். கோத்தகிரிப் பக்கத்திலிருந்து மண் மாதிரியைப் பையில் கட்டிக்கொண்டு வந்த பெரியவர்கள் மேசையில் எதையும் கேட்காமல் நேராக அந்தக் கதவுக்குப் போனார்கள்; மற்ற அறைகளைக் கேட்டுக் கேட்டுத்தான் போனார்கள். ஆனால் வெளியூரிலிருந்து வந்திருந்த பேச்சாளர் ஒருவர், உள்ளே இருந்த அம்மையாரிடம் பேசி முடித்துவிட்டு, வெளியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என்னைக் கண்டதும், “இன்னொருவர் எப்போது வருவார்?” என்று கேட்டார். சம உயரமுள்ள இரண்டு வரியை இரண்டு ஆளாக வாசிப்பதில் அவர் தவறு எதுவும் இல்லை. இரண்டு பேர் பகிர்ந்துகொண்ட அடுத்த அறைக்கு நான் செய்திருந்த பலகையும் அப்படியேதான் இருந்தது. விளக்கிச் சொன்னேன். அவர் சிரித்தார். இதை அம்மையாரிடம் சொன்னபோது அவருக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. “இருந்தால் நன்றாகத்தான் இருக்கும்” என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்தவரின் மண் அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஒவ்வொருவர் விருப்பத்துக்கும் வளைந்துகொடுத்தால் பலகைகளுக்கு ஒரே மொழி இல்லாமல் போய்விடும் என்று என்னை நானே நியாயப்படுத்திக்கொள்வதுண்டு. பத்துக் கதவுகளில் ஒன்பது ஒரு மாதிரியும் ஒன்று வேறு மாதிரியும் இருந்தால், வாசிக்கிறவர் அந்த வேறுபாட்டுக்கு ஏதோ பொருள் இருக்கிறது என்று எண்ணுவார். அந்தப் பேச்சாளர் எண்ணியது போல. அடுத்த நொடியே மறுபக்கமும் தோன்றும். முதலெழுத்து சிறியது, பெயர் பெரியது என்பது எல்லாருக்கும் பொருந்தும் உண்மையா என்ன? எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதலெழுத்துகளில் ஒன்று மதுரை, மற்றொன்று அவருடைய தாயார் சண்முகவடிவு. உலகம் அவரை ‘எம்.எஸ்.’ என்றே அழைத்தது. என் விதிப்படி அவருக்கு அட்டை செய்திருந்தால், எல்லாரும் அறிந்த இரண்டு எழுத்துகளைப் பாதி அளவில் மேலே தள்ளியிருப்பேன். இங்கே மலையிலும் பெள்ளி, போஜன், ஜோகி போன்ற பெயர்கள் படுகர் ஊர்களான ஹட்டிகள் பலவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. அழைக்கும் பெயரை மட்டும் பெரிதாக்கினால் எந்த போஜன் என்பது தெரியாது. ஹட்டியின் பெயரோ தந்தையின் பெயரோ சேர்ந்தால்தான் ஆள் துலங்குவார். அழைக்க எளிதான பெயரும் அடையாளம் காட்டும் பெயரும் ஒன்றாகவே இருக்கும் என்று நான் எங்கே கற்றேன் என்பது எனக்கே தெரியவில்லை.

பலகையை 45 சென்டிமீட்டராக்கியிருந்தால் ஒரே வரியில், இரண்டு சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட உயரத்தில், இரண்டு பெயரும் அடங்கியிருக்கும். சிக்கலே வந்திருக்காது என்று அச்சகத்து நண்பர் சொல்கிறார். அகலமான பலகை அந்தக் கதவுகளின் மரச்சட்டங்களுக்கு நடுவில் உட்காராது என்பது ஒரு பக்கம். அது உட்கார்ந்திருந்தாலும், மற்ற கதவுகளில் முதலெழுத்தாகச் சுருங்கி நின்ற தந்தையர் ஏன் அப்படி நிற்கிறார்கள் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்வதற்கு என்னிடம் எழுத்தளவுக் கணக்கைத் தவிர வேறொன்றும் இருந்திருக்காது.

இப்போது நான் அனுப்பும் படிவத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: உங்களை எப்படி அழைக்க வேண்டும், உங்களைத் தேடி வருகிறவர்கள் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். பெரும்பாலோர் இரண்டுக்கும் ஒரே விடையை எழுதுகிறார்கள். விடை வேறுபடும்போது அட்டைக்கு முதல் விடையையும் கதவுக்கு இரண்டாவதையும் எடுத்துக்கொள்கிறேன். கதவில் இரண்டு பெயரையும் ஒரே அளவில் கேட்கிறவருக்கு என்ன செய்வது என்ற இடத்தை மட்டும் என் அளவுக் குறிப்பில் இன்னும் நிரப்பவில்லை. நடுவில் மெல்லிய கோடு, இடப்பக்கம் ஒட்டிய இரண்டு வரிகள், ஒரே பெயருக்கு ஒரு கட்டம் என்று வரைந்து பார்த்தவற்றில் எதுவும் மூன்று மீட்டர் தொலைவில் ஒரே ஆளாகத் தெரியவில்லை.