கொலு பொம்மைகளுக்கு நம்பர் போட்டுக் கட்டினோம்

எங்கள் வீட்டுக் கொலு ஐந்து படி. விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்துவிட்டு, மறுநாள் எல்லாவற்றையும் கட்டிப் பரணில் ஏற்றிவிடுவோம். அது ஒரு வேலையே இல்லை. அடுத்த வருடம் இறக்கிப் பிரிப்பதில்தான் நாள் போகும். துணி சுற்றிவிட்டால் ராமரும் பலராமரும் ஒரே பொட்டலம்தான். தசாவதாரத்தில் வாமனரைத் தேடி மொத்தப் பெட்டியையும் பிரிக்க வேண்டியிருக்கும்.

போன வருடம் நம்பர் போடலாம் என்று முடிவானது. மூன்றாம் படி, நாலாவது பொம்மை என்கிற மாதிரி படிக்கணக்கில் போடலாம் என்றார் வீட்டுக்காரர். ஆனால் புதுசாக ஒரு செட் வாங்கினால் படி மாறிவிடுமே? அதனால் செட்டுக்கு ஓர் எழுத்து வைத்தோம். தசாவதாரம் 'த', கல்யாண செட் 'க'. எண் இடமிருந்து வலம்: த1 மச்சம், த2 கூர்மம், அப்படியே த10 கல்கி வரை.

கலைப்பதற்கு முன் ஒவ்வொரு படியையும் நேருக்கு நேர் நின்று போட்டோ எடுத்தேன். அப்புறம் ஒவ்வொரு பொம்மையின் காலடியிலும் துண்டுச் சீட்டில் நம்பரை வைத்து, செட் செட்டாக இன்னொரு போட்டோ. வேலைக்கு உதவியது இந்த இரண்டாவதுதான். கல்யாண செட்டில் நாதஸ்வரக்காரர் எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்பதுகூட அதில் தெரிகிறது.

பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துச் சுற்றினோம். பிளாஸ்டிக் உறையை நேராகச் சுற்றினால் புழுக்கத்தில் பெயின்டோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது உரிந்து வரும். செய்தித்தாளை வெளிச்சுற்றுக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். அதன்மேல் நம்பர். செலோடேப் காய்ந்து உதிர்ந்துவிடும் என்பதால் நூலால் கட்டி, மார்க்கரால் தாளிலேயே எழுதினேன். தாள் கிழிந்தாலும் தெரியட்டும் என்று பொம்மையின் அடியிலும் பென்சிலால் அதே நம்பர். பரசுராமரின் கோடரி, ராமரின் வில் போன்ற தனியாகக் கழலும் சாமான்கள் சின்னத் துணிப்பையில் போய், அந்தந்தப் பொட்டலத்தோடு சேர்ந்துவிட்டன.

பெட்டியில் அடுக்குவதுதான் கொஞ்சம் யோசிக்க வைத்தது. கொலுவை மேல்படியிலிருந்துதான் அடுக்க ஆரம்பிப்போம். அங்கே போவது பெரிய, கனமான பொம்மைகள். முதலில் வேண்டுமே என்று அவற்றைப் பெட்டியில் மேலே வைத்தால் அடியில் இருக்கும் மண் பொம்மை நொறுங்கும். அதனால் மேல்படிக்காரர்களுக்குத் தனிப் பெட்டி. அதன்மேல் 'முதலில் பிரி' என்று எழுதி, பரணில் முன்னால் வைத்தோம். மற்றப் பெட்டிகளின் மூடிக்குள்ளே த1–த10, க1–க12 என்று பட்டியல் ஒட்டியாயிற்று.

இந்த வருடம் அமாவாசையன்று மதியம் பெட்டிகளை இறக்கினோம். மகள் போனில் போட்டோவைப் பார்த்து நம்பர் சொல்லச் சொல்ல, நான் எடுத்துக் கொடுத்தேன். விளக்கு வைப்பதற்குள் ஐந்து படியும் முடிந்தது. மரப்பாச்சிக்குப் புதுத் துணி கட்டத்தான் நேரமானது. புதிதாக வாங்கிய கிராமத்து செட்டுக்கு 'கி' கொடுத்தாயிற்று. இடித்துப் பிடித்து நாலாவது படியில் உட்கார்ந்திருக்கிறது. மற்ற நம்பர் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.