‘அடியில நூல் சிக்குது’: ஒரே வீடியோவை இரண்டு முறை எடுத்த கதை

தையல் மெஷின் பற்றி வீடியோ போடுகிறேன். அதில் ஒன்றை நான் அழித்த விதம் இன்னும் மனதில் உறுத்துகிறது. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் அந்த வீடியோவுக்கு நான் வைத்த தலைப்பு ‘தையல் இயந்திரப் பராமரிப்பு - பாகம் 3: நூல் இழுவிசை’. வேலை தெரிந்தவருக்கு இது சரியான தலைப்பு. ஆனால் துணிக்கு அடியில் நூல் கொத்துக்கொத்தாகச் சுருண்டு, தைக்க முடியாமல் தவிக்கிறவருக்கு ‘இழுவிசை’ என்ற வார்த்தை எப்படித் தோன்றும்? அது தெரிந்திருந்தால் அவர் தேடவே வேண்டியதில்லையே.

யூடியூப் ஸ்டுடியோவில் அனலிடிக்ஸ் போய், பார்வைகள் எங்கிருந்து வருகின்றன என்ற பகுதியில் யூடியூப் தேடலைத் திறந்தால், மக்கள் தட்டச்சு செய்த சொற்கள் அப்படியே வரிசையாக இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் கண் திறந்தது. ‘அடியில நூல் சிக்குது’ என்று இருந்தது. `thaiyal machine nool sikkuthu` என்று ஆங்கில எழுத்தில் அடித்தவர்களும் இருந்தார்கள். ‘இயந்திரம்’ ஒரு இடத்திலும் இல்லை. தேடல் பெட்டியில் பாதி அடித்தால் வரும் பரிந்துரைகளையும் பார்த்தேன். இதை மறைநிலை ஜன்னலில் செய்யுங்கள். இல்லையென்றால் நீங்கள் ஏற்கெனவே தேடியதையே பெரும்பாலும் உங்களுக்குக் காட்டும்.

தலைப்பை ‘தையல் மெஷின்ல அடியில நூல் சிக்குது, ஏன்?’ என்று மாற்றினேன். மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். உண்மையான தலைவலி அதற்குப் பிறகுதான்.

வந்தவர்கள் நிற்கவில்லை. பார்வையாளர் தக்கவைப்பு வரைபடத்தில் கோடு முதல் அரை நிமிடத்துக்குள் செங்குத்தாக இறங்கியது. நாலாவது நிமிடத்தில் மட்டும் ஒரு மேடு. பதில் அங்கேதான் இருந்தது. அதுவரை வணக்கம், போன பாகத்தின் சுருக்கம், மெஷின் பாகங்களின் பெயர்கள். பொறுமை உள்ளவர்கள் தள்ளித் தள்ளி அந்த இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், மற்றவர்கள் போய்விட்டார்கள். பழைய தலைப்பு எதையும் கேட்கவில்லை. புதுத் தலைப்பு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலை ஒளித்து வைத்திருந்தது.

ஸ்டுடியோ எடிட்டரில் முன்பகுதியை வெட்டிப் பார்த்தேன். அதில் வெட்டலாம், ஒரு காட்சியைத் தூக்கி முன்னால் வைக்க முடியாது. முன்னால் உள்ளதை எல்லாம் வெட்டினால் நான் எந்த மெஷினில் எதைக் காட்டுகிறேன் என்றே புரியவில்லை. அதனால் மறுபடி எடுத்தேன். இந்த முறை முதல் காட்சியே சிக்கிக்கொண்ட துணியின் அடிப்பக்கம். முதல் வாக்கியம்: ‘சிக்கல் கீழே தெரிந்தாலும் தப்பு மேல் நூலில்தான், பிரஷர் ஃபுட்டைத் தூக்கிவிட்டு மேல் நூலை மறுபடி கோர்த்துப் பாருங்க.’ பத்து விநாடிக்குள் முடிந்தது.

பதிலைச் சொன்னதும் போய்விடுவார்களோ என்று பயந்தேன். சிலர் போனார்கள்தான், ஆனால் அவர்களுக்கு வேலை முடிந்துவிட்டது. மற்றவர்கள் ‘ஏன்’ என்பதற்காக நின்றார்கள். துணியை அழுத்திப் பிடிக்கும் அந்த ஃபுட் கீழே இருக்கும்போது மேல் நூலைப் பிடிக்கும் இரண்டு தட்டுகளும் மூடியிருக்கும். அப்போது கோர்த்தால் நூல் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். பிடிமானம் இல்லாத நூலைக் கீழே இருக்கும் கொக்கி தேவைக்கு மேல் இழுத்துக் குவிக்கும். எல்லோரும் கீழ் நூல் சுற்றியிருக்கும் பாபினைக் கழற்றிக் கழற்றி மாட்டுவது வீண் என்று புரிய இந்த விளக்கம் தேவை. அது பதிலுக்குப் பின்னால் வந்ததால்தான் கேட்கப் பொறுமை இருந்தது. ‘ஆமாவா, இல்லையா’ என்று ஒரே சொல்லில் தீரும் கேள்வியாக இருந்தால் இப்படி நிற்பார்கள் என்று சொல்ல மாட்டேன்.

இப்போது உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். புதியது ஏறியதும் பழைய வீடியோவை அழித்துவிட்டேன், அதன் கமெண்ட்களும் போயின. ‘எனக்கு சிக்கல, அறுந்து அறுந்து போகுது’ என்று பலர் அதில் எழுதியிருந்தார்கள். ஒவ்வொன்றும் தயாராக இருந்த ஒரு தலைப்பு. அழிக்காதீர்கள், பட்டியலிடாததாக மாற்றி வையுங்கள், கமெண்ட்கள் உங்களிடம் இருக்கும்.

அந்த நினைவில் புது வீடியோவின் தலைப்பில் ‘நூல் சிக்குதா, அறுந்து போகுதா?’ என்று இரண்டையும் சேர்த்தும் பார்த்தேன். நூல் அறுகிறவர்களுக்கு என் முதல் பத்து விநாடி பொருந்தவில்லை. இரண்டே நாளில் அந்தத் தலைப்பை நீக்கிவிட்டேன். அதற்குத் தனி வீடியோ இந்த வாரம் எடுக்கிறேன். முதல் வாக்கியம் எழுதியாகிவிட்டது: ‘மேல் நூல் அறுந்துகிட்டே இருந்தா, முதல்ல ஊசியை மாத்திப் பாருங்க.’