இவ்வளவுதானா, தம்பி?

"இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் செய்தது இவ்வளவுதானா, தம்பி?"

அக்கா இதைக் கோபமாகக் கேட்கவில்லை. நான் எழுதிக் கொடுத்த ஒற்றைப் பக்கத்தை இரண்டு முறை படித்துவிட்டு, மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார். பணி ஓய்வுக்கு அவருக்கு ஐந்து வாரம் மிச்சமிருந்தது. அவருடைய இடத்துக்கு ஆள் எடுக்கப் பணி விவரக் குறிப்பை எழுதும் பொறுப்பு என்னுடையது. இது நடந்து ஓராண்டுக்கு மேலாகிறது. அன்று நான் சொன்ன பதிலை இன்றும் மனத்துக்குள் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் சொன்னது இதுதான்: "அக்கா, பழைய விளம்பரத்தை அப்படியே போட்டிருந்தால் நீங்களே இந்த வேலைக்கு விண்ணப்பித்திருக்க முடியாது."

அது உண்மை. மேலாளர் அனுப்பிய பழைய வாசகத்தில் பதினேழு தகுதிகள் இருந்தன. பட்டப்படிப்பு, ஐந்தாண்டு அனுபவம், எக்செல் மேக்ரோ, நெருக்கடியில் தலைமை ஏற்கும் திறன், ஆங்கிலத்திலும் மாண்டரினிலும் சரளம். சரக்கு ஆவணப் பிரிவில் அக்கா 'ஓ' நிலைத் தேர்வோடு சேர்ந்தவர். அவருக்கு மாண்டரின் தெரியாது. தமிழும் ஆங்கிலமும் ஓட்டுநர்களிடம் பேசும் அளவுக்கு மலாயும் தெரியும். அதை வைத்துக்கொண்டே இத்தனை ஆண்டுகளும் அந்த மேசையை நடத்தினார். மாண்டரின் எதற்கு என்று விசாரித்தேன். தைவானிலிருந்து ஒரு விநியோகிப்பாளர் மாதம் இரண்டு மின்னஞ்சல் அனுப்புவார். அவற்றைப் பக்கத்து மேசைக்காரர் படித்துச் சொல்லிவிடுவார். அவ்வளவுதான் தேவை. நியாயமான வேலை நியமனத்துக்கான முத்தரப்பு வழிகாட்டிக் குறிப்புகளும் ஒரு மொழியைக் கேட்டால் அந்த வேலைக்கு அது ஏன் வேண்டும் என்று காட்டச் சொல்கின்றன. என்னால் காட்ட முடியவில்லை. அந்த வரியை அடித்தபோது எனக்கு உண்டான நிறைவை மறைக்க விரும்பவில்லை. அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு விளம்பரத்தை மூடிய நாட்கள் என் வாழ்க்கையிலும் உண்டு.

மற்ற பதினாறு தகுதிகளையும் ஒரே கேள்வியால் சோதித்தேன். இது இல்லாமல் ஒருவர் வந்தால் முதல் மாதத்திலேயே வேலை கெடுமா, அல்லது மூன்று மாதத்தில் இங்கேயே கற்றுக்கொள்வாரா? கற்றுக்கொள்ளக்கூடியதையெல்லாம் அடித்தேன். மேக்ரோவை அக்கா ஒருநாளும் தொட்டதில்லை. கூட்டலும் வடிகட்டலும் போதும். ஐந்தாண்டு அனுபவம் என்பதை 'இறக்குமதி ஆவணங்களைக் கையாண்டிருக்க வேண்டும்' என்று மாற்றினேன். 'நெருக்கடியில் தலைமை' என்றால் என்ன வேலை என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

கடமைகளை எழுத மூன்று நாள் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, அரை மணிக்கு ஒரு முறை அவர் என்ன செய்கிறார் என்று குறித்தேன். ஏறக்குறைய பாதி நேரம் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பல் ரசீது மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டார். கால்வாசி நேரம் சிங்கப்பூர்ச் சுங்கத்துறையின் டிரேட்நெட் இணைய முறையில் இறக்குமதி பெர்மிட் விண்ணப்பம். மிச்சம் லாரிக்காரர்களோடும் கிடங்கோடும் தொலைபேசியில். இவற்றிலிருந்து ஆறு கடமைகளும் நான்கு தகுதிகளும் வந்தன. நேர்காணலுக்கு ஒரு சோதனையும் வைத்தேன்: இன்வாய்ஸில் 480 பெட்டி, பேக்கிங் லிஸ்டில் 48 பெட்டி என்று இருக்கும் தாள்களைக் கொடுத்து, என்ன பிழை என்று கேட்பது. பட்டம் வாங்கிய இருவர் கண்டுபிடிக்கவில்லை. டிப்ளோமா மட்டும் வைத்திருந்த ஒரு பெண் இரண்டு நிமிடத்தில் விரலை வைத்தார். அவரையே எடுத்தோம். இதுவரை நான் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

ஆனால் அந்த ஒற்றைப் பக்கம் மேலாளரிடமும் போனது. அவர் படித்துவிட்டு, "வேலை இவ்வளவுதான் என்றால் சம்பளப் படியை ஒன்று இறக்கலாமே" என்றார். நீளமான பட்டியல் பொய்தான். அந்தப் பொய்தான் அதுவரை அந்த மேசையின் சம்பளத்தைத் தாங்கிப் பிடித்திருந்தது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. வாதாடினேன், ஆனால் போதுமான அளவு அல்ல. விளம்பரம் மாதத்துக்கு 400 வெள்ளி குறைவாகவே போனது. அக்காவிடம் இதை நான் சொல்லவில்லை. யாரோ சொல்லியிருப்பார்கள்.

புதிய பெண் ஆறு கடமைகளையும் ஒழுங்காகச் செய்தார். ஏழாவது மாதம், சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, ஒரு கொள்கலன் வந்தது. பேக்கிங் லிஸ்டில் 480 பெட்டி. இன்வாய்ஸின் தொகை 430 பெட்டிக்கு மட்டுமே. மீதி ஐம்பதுக்குத் தனி இன்வாய்ஸ் பிறகு வரும் என்று விநியோகிப்பாளர் எழுதியிருந்தார். அந்தப் பெண் வித்தியாசத்தைக் கண்டுபிடித்தார், கேள்வியும் கேட்டார். விற்பனைப் பிரிவிலிருந்து, "வாடிக்கையாளர் காத்திருக்கிறார், இருப்பதை வைத்து அனுப்பு" என்று சொன்னார்கள். அவர் அனுப்பினார். அறிவித்த மதிப்பு குறைந்தது. இறக்குமதிக்குக் கட்ட வேண்டிய 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் அந்த அளவுக்குக் குறைந்தது. பிறகு நாங்களே சுங்கத்துறையிடம் தவற்றை முன்வந்து தெரிவித்து, விடுபட்ட வரியைக் கட்டினோம்.

ஏன் நிறுத்திவைக்கவில்லை என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். வேலையில் சேர்ந்தபோது எழுத்தில் தந்த வேலைநியமன விதிமுறைகளை எடுத்துக் காட்டினார். அதிலிருந்த கடமைகள் என் பக்கத்திலிருந்து எடுத்தவை. மூன்றாவது கடமை: 'ஆவணங்கள் வந்த அதே நாளில் பெர்மிட்டுக்கு விண்ணப்பித்தல்.' "அண்ணா, நிறுத்தலாம் என்று எங்கே இருக்கிறது?" என்றார். எங்கேயும் இல்லை.

அன்றிரவு பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்று நாட்களில் புதன்கிழமை மாலை, நான்கு மணியிலிருந்து ஐந்தரை வரை, மூன்று அரை மணிகளுக்கு எதிரே என் கையெழுத்தில் 'காத்திருப்பு' என்று இருந்தது. அந்த மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விற்பனைப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து நின்று அவசரப்படுத்தினார். அக்கா குரலை உயர்த்தாமல், "எடைக் கணக்கு ஒத்துவரவில்லை, பதில் வரட்டும்" என்றார். பிறகு கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். நான் அதை வேலையில்லாத நேரம் என்று எண்ணி, கணக்கிலிருந்து கழித்துவிட்டேன்.

எனக்கு ஆதரவாக ஒன்று சொல்லலாம். எதைச் செய்தார் என்று பார்த்து எழுதுவதுதான் நான் கற்ற முறை. செய்ய மறுத்ததை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அதோடு, மறுக்கும் துணிவு இருபத்திரண்டு ஆண்டுகளில் அக்காவுக்குத் தானாக வந்தது. அதை ஒரு வரியால் புதியவருக்குக் கொடுக்க முடியுமா? இப்படிச் சொல்லிப் பார்க்கிறேன், ஒரு நாள் பொருந்துகிறது, மறுநாள் பொருந்தவில்லை. அக்காவைப் பார்த்து எழுதிய மூன்று நாட்களில் ஒரு முறைகூட, "இந்த மேசையில் தவறவே கூடாதது எது?" என்று நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அந்தப் பதினேழு வரிகளில், யாருக்கும் பொருள் தெரியாமல் கிடந்த 'நெருக்கடியில் தலைமை' என்பதும் ஒருவேளை இதைத்தான் தடவித் தேடியதோ என்றும் தோன்றுகிறது. அப்படியென்றால் அடித்தது தவறா? அந்த வார்த்தைகளால் யாரும் ஒரு பெர்மிட்டை நிறுத்தியிருக்க மாட்டார்கள் என்பதும் உண்மைதானே.

இப்போது ஏழாவது கடமையாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'மூன்று ஆவணங்களும் ஒத்துப்போகாதபோது, எழுத்தில் விளக்கம் வரும்வரை பெர்மிட் விண்ணப்பத்தை நிறுத்திவைத்தல், இதில் முடிவு இந்தப் பணியாளருடையது.' மேலாளர் கையெழுத்திட்டுவிட்டார். சம்பளப் படியைப் பழைய இடத்துக்கே ஏற்றும்படி நான் அனுப்பிய கடிதம் இன்னும் அவர் மேசையில் இருக்கிறது.

போன தீபாவளிக்கு முன்பு தேக்கா சந்தையில் அக்காவைப் பார்த்தேன். புதுப் பெண் எப்படி என்று கேட்டார். நன்றாகச் செய்கிறார் என்றேன். திருத்திய பக்கம் என் கைப்பேசியில் இருந்தது. எடுத்துக் காட்டவில்லை.