"அவங்க பேசுறது எனக்கு கேக்குது, நான் பேசுறதுதான் அவங்களுக்கு கேக்கல"

நான் வைஃபை போட்ட ஹாஸ்டல்ல இருந்த ஒரு பொண்ணு சொன்னது இதுதான், அப்படியே எழுதுறேன். "அண்ணா, அவங்க பேசுறது எல்லாம் எனக்கு நல்லாத்தான் கேட்டுச்சு, நான் பேசுறதுதான் அவங்களுக்கு விட்டு விட்டு போயிருக்கு." வீடியோ கால்ல இண்டர்வியூ, பாதியிலயே கட் பண்ணிட்டாங்களாம். நான் சொன்ன பதில், "ஃபுல் சிக்னல் காட்டுதுல்லம்மா, அப்ப ரூட்டர்ல ஒண்ணும் இல்ல, உங்க போன்ல மைக் பாருங்க." சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டு கிளம்பிட்டேன்.

மூணு மாசம் ஆச்சு, இன்னும் அந்த பதில் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. ஏன்னா என்ன கோளாறுன்னு அவ ஒரே வரியில சொல்லிட்டா, இந்த வேலைய ஒன்பது வருஷமா பாக்குற எனக்குத்தான் புரியல. இல்ல, புரிஞ்சும் புரியாத மாதிரி இருந்தேனான்னும் ஒரு சந்தேகம் இருக்கு, அத அப்புறம் சொல்றேன்.

லேடீஸ் ஹாஸ்டல், மூணு மாடி, அஞ்சு ஏபி, அதாவது அங்கங்க மாட்டுற வைஃபை பெட்டி, ரூட்டர்னு எல்லாரும் சொல்றது அதத்தான். போட்டதும் நான்தான். ரொம்ப நாளா பவர் 17 டிபிஎம்ல இருந்துச்சு, பெரிசா கம்ப்ளைண்ட் கிடையாது. மேல்மாடி மூலை ரூம்ல மட்டும் ரெண்டு கோடுதான் வருதுன்னு ஓனர் மேடம் சொல்லிட்டே இருந்தாங்க. "ஃபுல்லா வெச்சு விடுங்க தம்பி, காசு குடுத்து வாங்குனதுதானே, எதுக்கு பாதியில வெச்சிருக்கீங்க?" நியாயமான கேள்வி மாதிரிதான் இருந்துச்சு. அஞ்சையும் 23க்கு ஏத்திட்டேன். அங்கயே நின்னு போன பாத்துட்டு கோடு எல்லாம் நிறைஞ்சிடுச்சுன்னு மேடத்துக்கு ஒரே சந்தோஷம், காபி வேற குடுத்தாங்க.

இப்ப அந்தக் கணக்கு. 3 டிபி ஏறுனா பவர் ரெண்டு மடங்கு. 23 டிபிஎம்னா 200 மில்லிவாட். ஒரு போன் தன் பக்கத்துல இருந்து அனுப்புறது சுமாரா 14 டிபிஎம், அதாவது 25 மில்லிவாட், பேட்டரியில ஓடுற சாமான் அவ்வளவுதான் கத்தும். ஆக ரூட்டர் எட்டு மடங்கு சத்தமா பேசுது, போன் பழைய குரல்லதான் பதில் சொல்லுது. நான் ஏத்துனது ரூட்டரோட வாய மட்டும்தான், அதோட காத இல்ல. போன்ல தெரியுற கோடு ரூட்டர் பேசுறது போனுக்கு எவ்வளவு கேக்குதுங்கிற கணக்குதான், போன் பேசுறது ரூட்டருக்கு கேக்குதான்னு அந்தக் கோட்டுக்கு தெரியவே தெரியாது. இதெல்லாம் எனக்கு தெரியாததா? தெரியும். ஆனா கஸ்டமர் பக்கத்துல நிக்கும்போது நானும் கோட்டத்தான் பாக்குறேன்.

சரி, ரூட்டரோட காது அதேதானே, அப்ப முன்ன விட மோசமா எப்படி ஆகும்னு கேப்பீங்க. நானும் அத சொல்லித்தான் ஒரு வாரம் என்னையே சமாதானப்படுத்திட்டு இருந்தேன், ஏத்துனதுல லாபம் இல்லாம போகலாம், நஷ்டம் எப்படி வரும்னு. அப்புறம் மேடம்கிட்ட இருந்து நாலு போன் வந்துச்சு, எல்லாருக்கும் கால் கட் ஆகுதுன்னு. ஒரு நாள் ராத்திரி 10 மணிக்கு வீட்ல இருந்தே ஒவ்வொரு ஏபிக்குள்ளயும் போய் யார் யார் ஒட்டியிருக்காங்கன்னு பாத்தேன்.

```
iw dev wlan0 station dump
```

கீழ இருக்கிற மெஸ் ஏபியில 19 பேர். அந்த மெஸ்ஸ 9 மணிக்கே பூட்டிடுவாங்க. பூட்டுன மெஸ்ஸுக்குள்ள 19 பேர் என்ன பண்றாங்க? முதல் மாடி காரிடார் ஏபியில நாலே பேர்.

அப்பதான் உறைச்சுது. எந்த ஏபிய விட்டு எந்த ஏபிக்கு மாறணும்னு முடிவு பண்றது போன்தான், ரூட்டர் இல்ல. கையில இருக்கிற சிக்னல் ஒரு அளவுக்கு கீழ விழுந்தாத்தான் போன் வேற ஏபிய தேடவே ஆரம்பிக்கும். ஐபோனுக்கு அது -70 டிபிஎம்னு ஆப்பிளே வெளிப்படையா போட்டிருக்கான், மத்த கம்பெனி ஆளுக்கு ஒரு கணக்கு. மைனஸுக்கு அப்புறம் வர்ற நம்பர் பெருசாக பெருசாக சிக்னல் கம்மின்னு அர்த்தம். அந்தப் பொண்ணு வெச்சிருந்தது பழைய ஐபோன்தான். ரூம் மெஸ்ஸுக்கு நேர் மேல, மாடிப்படிக்கு பக்கத்துல. மறுநாள் வார்டன் அக்காவ கூட்டிட்டு அந்த படிக்கட்டு முனையில நின்னு அளந்து பாத்தேன். மெஸ் ஏபி என் போனுக்கு -66ல கேக்குது. அதே நேரம் லேப்டாப்ல மெஸ் ஏபி என் போன பத்தி சொன்னது இது:

```
signal: -75 dBm
```

9 டிபி வித்தியாசம். 23ல இருந்து 14 போனா எவ்வளவோ அவ்வளவு. பழையபடி 17லயே இருந்திருந்தா போனுக்கு -72ன்னு கேட்டிருக்கும், -70ஐ தாண்டிடுச்சேன்னு அதுவே தேடி பத்தடி தள்ளி இருக்கிற காரிடார் ஏபிக்கு போயிருக்கும். நான் ஏத்தி வெச்சதால அதுக்கு எல்லாம் நல்லா இருக்கிற மாதிரி தெரிஞ்சு, சாப்பிட்டு மேல வந்தப்புறமும் கீழயே தொங்கிட்டு இருந்திருக்கு. அவங்க பேசுறது மேல வந்துடும், இவ குரலும் முகமும் 18 பேரோட இரைச்சலுக்கு நடுவுல -75ல கீழ போகணும். ரூட்டர் அனுப்புன ஒவ்வொண்ணுக்கும் வந்துச்சுன்னு போன் பதில் சொல்லணும், அந்த பதில் வழியில தொலைஞ்சா ரூட்டர் வரலன்னு நினைச்சு அதையே திரும்ப அனுப்பும், அதனால இருக்கிற நெரிசல் இன்னும் ஏறும்.

இதுல இன்னொண்ணு, 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில ஒண்ணோட ஒண்ணு முட்டாத சேனல் 1, 6, 11 மூணுதான், அஞ்சு ஏபி இருந்தா எப்படியும் சேனல பங்கு போட்டே ஆகணும். முன்ன ஒரே சேனல்ல இருந்த ரெண்டு ஏபிக்கு ஒண்ணு பேசுறது இன்னொண்ணுக்கு கேக்காது. இப்ப நல்லா கேக்குது, கேட்டா அது முடிக்கிற வரைக்கும் இது வாய மூடிட்டு நிக்கணும்.

அன்னைக்கு ராத்திரியே அஞ்சையும் 14க்கு இறக்குனேன். அரை மணி நேரத்துல மெஸ்ல மூணு பேர், காரிடார்ல பதினொண்ணு.

இங்கதான் எனக்கு உறுத்துற இன்னொரு விஷயம். மேடம்கிட்ட பவர குறைச்சேன்னு சொல்லல. "சாஃப்ட்வேர் அப்டேட் போட்டிருக்கேன் மேடம், கோடு கொஞ்சம் கம்மியா காட்டும், கண்டுக்காதீங்க"ன்னேன். நிஜத்த சொன்னா, அப்ப எதுக்கு ஏத்துனீங்கன்னு கேப்பாங்க. நீங்க கேட்டீங்கன்னு நான் சொல்லணும், உங்களுக்கு தெரியாதான்னு அவங்க கேப்பாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

ஏத்தவே கூடாதுன்னும் இல்ல. மூலை ரூம் பொண்ணுங்களுக்கு ஏத்துனது பிடிச்சிருந்துச்சு, நைட்டு படம் பாக்குறாங்க, அவங்களுக்கு வர்றதுதான் முக்கியம், போறது கொஞ்சம்தான். இறக்குனதும் முதல் கம்ப்ளைண்ட் அங்க இருந்துதான் வந்துச்சு. அந்தப் பக்கம் ஒரு கேபிள் இழுத்து ஆறாவது ஏபி போடுறதுதான் சரியான வேலை, மேடம் செலவு ஜாஸ்தின்னுட்டாங்க. அதனால அவங்க ஏபிய மட்டும் திரும்ப 17க்கு கொண்டு போனேன். அதுவும் சரியான்னு கேட்டா, சுத்தி இருக்கிறது எல்லாம் 14ல இருக்கு, தெரியல, இதுவரைக்கும் யாரும் கூப்பிடல.

அந்தப் பொண்ணு அடுத்த மாசமே காலி பண்ணிட்டா. இண்டர்வியூவுக்காகவான்னு கேக்க எனக்கு தைரியம் வரல, வார்டன் அக்கா ஊருக்கு போயிட்டான்னு மட்டும் சொன்னாங்க. உங்க போன்ல ஒண்ணும் இல்லம்மா, நான்தான் தப்பா வெச்சிட்டேன்னு சொல்லியிருக்கலாம். நம்பர் கூட ரிஜிஸ்டர்ல இருக்கும். ஹாஸ்டல் ரிஜிஸ்டர்ல பொண்ணு நம்பர எடுத்து கூப்பிடுறது இன்னொரு தப்பாயிடுமேன்னு விட்டுட்டேன், அது நிஜமான காரணமா சாக்கான்னு எனக்கே பிடிபடல.

போன வாரம் மேடம் கூப்பிட்டாங்க. "தம்பி, அன்னைக்கு ஒரு அப்டேட் போட்டீங்கல்ல, அதுக்கப்புறம் ஒரு கம்ப்ளைண்ட் இல்ல. என் தங்கச்சி ஹாஸ்டல்லயும் அத போட்டு விடுங்க, சிக்னலும் ஃபுல்லா வெச்சிடுங்க."

சரிங்க மேடம்னு சொல்லிட்டேன். நாளைக்கு போறேன்.