லா மானோ, எல் ப்ரொப்ளேமா, எல் ஆகுவா: ஒரு ஸ்பானிஷ் ஒர்க்‌ஷீட்டை முடிச்ச கதை

ஸ்பானிஷ் ஆரம்ப கோர்ஸ்ல குடுத்த ஒர்க்‌ஷீட் இது, பெயரடையோட கடைசி எழுத்தை நிரப்பணும், பக்கத்துலயே ஏன் அந்த எழுத்துன்னு காரணமும் எழுதணும். நமக்கு நல்ல பையன், நல்ல பொண்ணு, நல்ல வீடு எல்லாத்துக்கும் ஒரே "நல்ல" தான், அங்க அப்படி இல்ல, மேசைக்கும் புத்தகத்துக்கும் கூட ஆண்பால் பெண்பால் உண்டு.

முதல் ரெண்டு வரி ஈஸி. லிப்ரோ, அதாவது புத்தகம், ஆண்பால், அதனால சிவப்புக்கு ரோஹோ. காசா, வீடு, பெண்பால், அதனால வெள்ளைக்கு ப்ளாங்கா. இதைப் பாத்துட்டு ரெண்டுலயும் ஒரே ஓசை வந்தா போதும்னு தோணும், ஆனா அடுத்த வரியே லா மானோ. ஒருமைல ஆண்பால் சொல்லுக்கு முன்னாடி எல், பெண்பால் சொல்லுக்கு முன்னாடி லா வரும். மானோன்னா கை, ஓ-ல முடியுது, ஆனா பெண்பால், லத்தீன்ல மானுஸ் பெண்பால் அதை அப்படியே வச்சுக்கிட்டாங்க, அதனால சின்ன கைக்கு லா மானோ பெகேன்யா. பெயரடை காப்பி அடிக்கிறது பெயர்ச்சொல்லோட ஓசைய இல்ல, அதோட பாலை. இது பிடிபட்டப்புறம் நான் ஒவ்வொரு வரிலயும் முதல்ல எல்-ஆ, லா-வான்னு எழுதிட்டு அப்புறம் தான் பெயரடைக்கே போனேன்.

எல் ப்ரொப்ளேமா செரியோ, அதாவது சீரியஸான பிரச்சனை, இதுக்கு நேர் எதிர், ஆ-ல முடியுது, ஆனா ஆண்பால். சிஸ்தேமா, தேமா, இடியோமா எல்லாம் இதே குடும்பம், கிரேக்கத்துலருந்து வந்த "மா" சொற்கள், ஸ்பானிஷ்ல ஆண்பால். அதுக்காக மா-ல முடியுற எல்லாமே ஆண்பால் இல்ல, காமா, அதாவது கட்டில், இந்தக் கூட்டத்துல சேராது, லா காமா தான்.

வெர்தே (பச்சை) வந்த இடத்துல யோசிக்கவே வேணாம், ஏ-ல முடியுற பெயரடை பாலுக்கு மாறாது, பன்மைக்கு மட்டும் வெர்தேஸ்.

ரொம்ப நேரம் இழுத்தது எல் ஆகுவா, தண்ணி. முன்னாடி எல் இருக்கு, நாம போட்ட முறைப்படி குளிர்ச்சிக்கு ஃப்ரீயோ தான் வரணும், ஆனா சரியான விடை ஃப்ரீயா. ஏன்னா ஆகுவா பெண்பால் தான், சொல் அழுத்தமான ஆ-ல ஆரம்பிக்குறதால ஒருமைல லா-வுக்குப் பதிலா எல் போடுறாங்க. இந்த எல் கூட பழைய பெண்பால் வடிவமான எலா-லருந்து தேஞ்சு வந்தது தான், ஆண்பால் எல் மாதிரி தெரியுது, அவ்ளோ தான். சந்தேகம்னா பன்மைல போட்டுப் பாருங்க, லாஸ் ஆகுவாஸ் ஃப்ரீயாஸ்னு பால் வெளிய வந்துரும், நடுவுல ஒரு சொல்லை நுழைச்சாலும் லா திரும்ப வந்துரும், லா மீஸ்மா ஆகுவா, அதே தண்ணி. அப்போ அமீகா, தோழி, அதுவும் ஆ-ல தானே ஆரம்பிக்குது, அங்க ஏன் எல் இல்லன்னு கேட்டா அழுத்தம் "மீ" மேல விழுது, முதல் எழுத்து மேல இல்ல, அதனால லா அமீகா.